பைப்லைனை எத்தனை கட்டங்களாக வெட்டுவது? லேட்ச் நேரமும் தேக்க இழப்பும் சந்திக்கும் இடம்

ஒரு கட்டளையின் வேலையைப் பல கட்டங்களாக வெட்டி வரிசையாக ஓட்டும் செயலியின் பைப்லைனை எவ்வளவு ஆழமாக அமைக்கலாம் என்ற கேள்விக்குப் பாடக்குறிப்புகள் பொதுவாக இரண்டு தடைகளைச் சொல்லும். கட்டங்களுக்கு நடுவே நின்று இடைவிடைகளைப் பிடித்துவைக்கும் லேட்சுகள் நேரத்தைத் தின்கின்றன என்பது ஒன்று; ஆழம் கூடக்கூட, கட்டளைகள் காத்து நிற்கும் ஒவ்வொரு தேக்கத்தின் இழப்பும் கூடுகிறது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் இவற்றில் எதுவுமே தனியாக நின்று ஆழத்துக்கு எல்லை வகுப்பதில்லை. லேட்ச் நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், கட்டங்களைக் கூட்டும்தோறும் வேகம் சிறிதளவாவது கூடிக்கொண்டேதான் போகும். தேக்கத்தை மட்டும் எடுத்தாலும் அதே முடிவுதான் வரும். இரண்டும் ஒன்றையொன்று பெருக்கும்போதுதான் ஓர் உச்சம் பிறக்கிறது. அது எப்படிப் பிறக்கிறது என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை கணக்கிட்டுப் பார்த்தால் தெளிவாகும். சூத்திரம் தரும் விடையை அப்படியே எடுத்து வடிவமைத்துவிடக் கூடாது என்பதும் அதே எடுத்துக்காட்டிலேயே தெரியவரும்.

முதலில் லேட்சை அருகில் சென்று பார்ப்போம். ஒரு கட்டத்தின் தர்க்கச் சுற்று தன் வேலையை முடித்து, விடையை அடுத்த லேட்சின் வாசலில் கொண்டுவந்து வைக்கிறது. கடிகார விளிம்பு வருவதற்குச் சற்று முன்னரே அந்த மதிப்பு அசையாமல் நிலைத்திருக்க வேண்டும். இதற்கு 20 பிக்கோவினாடி ஆகிறது என்று கொள்வோம். விளிம்பு வந்தபின் லேட்சின் மறுபுறம் புதிய மதிப்பு தோன்ற இன்னொரு 25 பிக்கோவினாடி ஆகட்டும். கடிகாரச் சமிக்ஞை சில்லின் எல்லா மூலைகளுக்கும் ஒரே கணத்தில் போய்ச் சேர்வதில்லை. சேரும் கணமும் ஒவ்வொரு சுழற்சியிலும் சற்றே முன்பின் ஆடுகிறது. இந்தப் பிசகுக்காக 15 பிக்கோவினாடி ஒதுக்குவோம். ஆக மொத்தம் 60 பிக்கோவினாடி, ஒவ்வொரு சுழற்சியிலும், எந்தக் கணக்கீடும் நடக்காமல் கழிகிறது. கட்டம் நீளமாக இருந்தாலும் குட்டையாக இருந்தாலும் இந்தத் தொகை ஏறத்தாழ மாறுவதில்லை. ஆழமான பைப்லைனில் அது உறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு கட்டளை தொடக்கம் முதல் முடிவு வரை கடக்க வேண்டிய தர்க்கச் சுற்றின் மொத்தத் தாமதம் 3000 பிக்கோவினாடி என்று வைத்துக்கொள்வோம். இதை L என்றும், லேட்ச் நேரத்தை o என்றும், கட்டங்களின் எண்ணிக்கையை p என்றும் குறிப்போம். கட்டங்களைச் சமமாக வெட்ட முடியும் என்று இப்போதைக்கு நம்பினால், சுழற்சி நேரம் 3000/p + 60 ஆகும். 5 கட்டத்தில் அது 660 பிக்கோவினாடி. 20 கட்டத்தில் 210. 40 கட்டத்தில் 135. 5 கட்டத்தில் சுழற்சியின் 9 சதவீதம் மட்டுமே லேட்சுக்குப் போகிறது. 20 கட்டத்தில் 29 சதவீதம். 40 கட்டத்தில் 44 சதவீதம். அளவு பெரிதுதான். ஆயினும் தேக்கமே இல்லாத உலகில் இது யாரையும் நிறுத்தாது. ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு கட்டளை வெளிவரும் என்றால், 20 கட்டத்தில் 4.76 கிகாஹெர்ட்ஸ், 40 கட்டத்தில் 7.41 கிகாஹெர்ட்ஸ் என வேகம் ஏறிக்கொண்டேபோய், 60 பிக்கோவினாடிச் சுழற்சி என்ற அடித்தளத்தை, அதாவது 16.7 கிகாஹெர்ட்ஸை, எட்டாமல் நெருங்கிக்கொண்டே இருக்கும். ஆதாயம் மெலியும், ஆனால் ஒருபோதும் நட்டமாகாது.

இனித் தேக்கங்கள். கணக்கு சிதறாமல் இருக்க இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதலாவது, கிளைக் கட்டளையின் போக்கைத் தவறாக முன்கணிப்பது. கட்டளைகளில் 20 சதவீதம் கிளைகள், அவற்றில் 10 சதவீதம் தவறாகக் கணிக்கப்படுகின்றன என்போம். இன்றைய நல்ல முன்கணிப்பான்கள் இதைவிடச் சிறப்பாகவே செய்யும். அதன் விளைவைப் பின்னால் பார்ப்போம். கிளையின் உண்மையான போக்கு பைப்லைனின் 60 சதவீத தூரத்தில் தெரியவருகிறது என்றால், தவறு நேரும் ஒவ்வொரு முறையும் 0.6p சுழற்சிகள் குமிழிகளாக வீணாகும். 5 கட்டத்தில் இது 3 குமிழி, 20 கட்டத்தில் 12. எல்லாக் கட்டளைகளுக்கும் சராசரியாகப் பகிர்ந்தால் 0.2 × 0.1 × 0.6p, அதாவது 0.012p.

இரண்டாவது, நினைவகத்திலிருந்து மதிப்பை ஏற்றும் கட்டளைக்கு அடுத்த கட்டளையே அந்த மதிப்பைக் கேட்பது. கட்டளைகளில் 25 சதவீதம் ஏற்றுபவை, அவற்றில் 36 சதவீதத்தில் அடுத்த கட்டளை காத்திருக்க நேர்கிறது, காத்திருப்பு 0.2p சுழற்சி என்போம். 5 கட்டத்தில் இது எல்லோரும் அறிந்த அந்த ஒற்றைக் குமிழிதான். சராசரி 0.25 × 0.36 × 0.2p, அதாவது 0.018p. இரண்டையும் கூட்டினால் ஒரு கட்டளைக்கு ஆகும் சராசரிச் சுழற்சி 1 + 0.03p என்று வருகிறது. அந்த 0.03 என்பதை k என்போம். ஒரு கட்டளைக்கு ஆகும் சராசரி நேரம், சுழற்சி நேரத்தையும் சராசரிச் சுழற்சி எண்ணிக்கையையும் பெருக்கினால் கிடைக்கும்:

```
t(p) = (L/p + o)(1 + k·p)
     = L/p + o + L·k + o·k·p
```

பெருக்கிப் பிரித்த இரண்டாவது வரியில்தான் முழுக் கதையும் இருக்கிறது. நான்கு உறுப்புகளில் L/p மட்டுமே ஆழத்தோடு குறைகிறது. நடுவில் உள்ள o, L·k இரண்டிலும் p இல்லை. நம் எண்களில் அவை 60, 90 பிக்கோவினாடி. எத்தனை கட்டம் வைத்தாலும் இந்த 150 பிக்கோவினாடி கழியாது. ஆழத்தோடு வளர்வது கடைசி உறுப்பு ஒன்றுதான். அதில் லேட்ச் நேரமும் தேக்க விகிதமும் பெருக்கலாக நிற்கின்றன. இரண்டில் எதைச் சுழியமாக்கினாலும் அந்த உறுப்பு மறைந்து, ஆழத்துக்கு எல்லை இல்லாமல் போய்விடும்.

ஒரே ஒரு தவறான முன்கணிப்பைப் பின்தொடர்ந்தால் இதன் பொருள் கைக்குள் வந்துவிடும். 5 கட்டத்தில் 3 குமிழி, ஒவ்வொன்றும் 660 பிக்கோவினாடி, மொத்தம் 1980. 20 கட்டத்தில் 12 குமிழி, ஒவ்வொன்றும் 210, மொத்தம் 2520. 40 கட்டத்தில் 24 குமிழி, ஒவ்வொன்றும் 135, மொத்தம் 3240. குமிழிகளின் எண்ணிக்கை 8 மடங்கானபோது, கடிகாரத்தில் கழிந்த நேரம் 1.64 மடங்குதான் ஆகியிருக்கிறது. ஏனெனில் கிளையின் முடிவு தெரிவதற்குக் கடக்க வேண்டிய தர்க்கச் சுற்று எப்போதும் அதே 1800 பிக்கோவினாடி. அதை எத்தனை துண்டாக வெட்டினாலும் நீளம் மாறாது. கூடியது முழுவதும், அந்த வழியில் குறுக்கே நிற்கும் லேட்சுகளின் எண்ணிக்கையால் கூடியது. ஆழமான பைப்லைனில் தவறான கணிப்பு 24 சுழற்சிகளை விழுங்குகிறது என்று கேட்டு மிரள்பவர்கள், சுழற்சி என்ற அலகே சுருங்கிவிட்டதை மறந்துவிடுகிறார்கள். இழப்பைப் பிக்கோவினாடியில் பேசுவதே நேர்மையான கணக்கு என்பது என் எண்ணம்.

நேரம் மிகக் குறைவாகும் இடத்தில், குறையும் உறுப்பும் வளரும் உறுப்பும் சமமாக இருக்கும். L/p = o·k·p என்று எழுதினால், சிறந்த ஆழம் L/(o·k) என்பதன் வர்க்கமூலம். நம் எண்களில் 3000/1.8 இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 41 கட்டம். இதே வடிவச் சூத்திரத்தை ஐபிஎம் ஆய்வாளர்களான ஹார்ட்ஸ்டீனும் புசாக்கும் 2002 இல் வெளியிட்டு, உருவகப்படுத்தல்களோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். கீழே உள்ள அட்டவணையில் T என்ற சுழற்சி நேரமும் t என்ற கட்டளை நேரமும் பிக்கோவினாடியில் உள்ளன; CPI என்பது ஒரு கட்டளைக்கு ஆகும் சராசரிச் சுழற்சி.

```
 p     T    CPI     t
 5   660   1.15   759
10   360   1.30   468
15   260   1.45   377
20   210   1.60   336
30   160   1.90   304
40   135   2.20   297
50   120   2.50   300
60   110   2.80   308
```

வெளியீட்டு வீதமாகச் சொன்னால், 5 கட்டத்தில் ஒரு வினாடிக்கு 131.8 கோடிக் கட்டளைகள், 10 கட்டத்தில் 213.7 கோடி, 20 கட்டத்தில் 297.6 கோடி, 40 கட்டத்தில் 336.7 கோடி. இந்த அட்டவணையில் கவனிக்க வேண்டியது உச்சம் எங்கே இருக்கிறது என்பதைவிட, உச்சத்தைச் சுற்றி வளைகோடு எவ்வளவு தட்டையாகக் கிடக்கிறது என்பதுதான். 30 முதல் 60 வரை எந்த ஆழத்தைத் தேர்ந்தாலும் வேறுபாடு 4 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. 20 இலிருந்து 40 க்குப் போனால் கடிகார வேகம் 56 சதவீதம் ஏறுகிறது; முடிகிற வேலையோ 13 சதவீதம்தான் கூடுகிறது. மீதி எல்லாம் லேட்சுகளும் குமிழிகளும் தின்றவை. கடிகார வேகத்தை மட்டும் பார்த்து ஒரு செயலியை மதிப்பிடுவது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் 13 சதவீதத்துக்காகவாவது 40 கட்டம் வைக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் சூத்திரத்தின் ஓர் ஊகம் உடைகிறது. k எல்லா ஆழத்திலும் ஒரே எண்ணாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டோம். உண்மையில் பைப்லைனுக்குள் சில குறுகிய வளையங்கள் இருக்கின்றன. அவற்றில் மிக முக்கியமானது கூட்டல் அலகின் வளையம்: ஒரு கூட்டலின் விடை குறுக்குவழியாகத் திரும்பி வந்து, அடுத்த கூட்டலின் உள்ளீடாக நுழைகிறது. இந்த வளையம் ஒரே சுழற்சிக்குள் மூடிக்கொள்ளும் வரை, ஒன்றையொன்று சார்ந்த கூட்டல்கள் இடைவெளியின்றி அடுத்தடுத்து ஓடும். சுழற்சி அதைவிடக் குறுகிவிட்டால் கூட்டல் இரண்டு கட்டங்களாகப் பிளவுபடும். சார்ந்திருக்கும் ஒவ்வோர் அடுத்த கட்டளைக்கும் ஒரு குமிழி கட்டாயமாகும். தவறான கணிப்பு எப்போதாவது நேர்வது. கூட்டல் சார்பு அப்படியல்ல, ஏறக்குறைய எல்லா நிரல்களிலும் மூச்சுக்கு மூச்சு வருவது.

கூட்டியும் குறுக்குவழியும் சேர்ந்து 150 பிக்கோவினாடி தர்க்கம் என்போம். 20 கட்டத்தில் ஒரு கட்டத்துக்குக் கிடைக்கும் தர்க்க நேரம் 3000/20 = 150; வளையம் அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது. 21 முதல் 40 வரை அது இரண்டு கட்டங்களைக் கேட்கும். கட்டளைகளில் 30 சதவீதம் தமக்கு நேர் முந்தைய கணிதக் கட்டளையின் விடையைக் கேட்பவை என்றால், இந்த எல்லையைத் தாண்டிய கணமே சராசரிச் சுழற்சி 0.30 கூடிவிடும். இப்போது 25 கட்டத்தில் 2.05 சுழற்சி, 180 பிக்கோவினாடி, ஆக 369. 30 கட்டத்தில் 2.20 × 160 = 352. 40 கட்டத்தில் 2.50 × 135 = 337.5. ஆனால் 20 கட்டத்தில் அதே 336. முன்பு தெளிவாக முந்தியிருந்த 40 கட்ட வடிவம், இப்போது பாதி ஆழமுள்ள வடிவத்திடம் மயிரிழையில் தோற்கிறது. வழவழப்பான வளைகோட்டில் 20 ஆம் கட்டத்துக்கு அடுத்து ஒரு படிக்கட்டு முளைத்துவிட்டது. அந்தப் படியை ஏறிக் கடந்து பழைய மட்டத்துக்கு வருவதற்குள் சூத்திரத்தின் ஆதாயம் முழுவதும் தீர்ந்துபோகிறது.

இந்தப் படிக்கட்டை வடிவமைப்பாளர்கள் எவ்வளவு பொருட்படுத்தினார்கள் என்பதற்கு 2000 நவம்பரில் இன்டெல் நிறுவனம் கொண்டுவந்த பெண்டியம் 4 நல்ல சான்று. முந்தைய பெண்டியம் 3 ஏறத்தாழ 10 கட்டங்கள் கொண்டிருக்க, இது 20 கட்டங்களோடு வந்தது. அந்தக் குறுகிய சுழற்சியிலும் கூட்டல் வளையம் உடையக் கூடாது என்பதற்காக, எளிய கணித அலகுகளை மையக் கடிகாரத்தைப் போல இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டார்கள். 32 பிட் கூட்டலை இரண்டு 16 பிட் பாதிகளாக உடைத்து, கீழ்ப்பாதியின் விடை அரைச் சுழற்சியில் வந்ததும் அடுத்த கூட்டலின் கீழ்ப்பாதியைத் தொடங்க இடம் கொடுத்தார்கள். பைப்லைன் ஆழமானாலும் வளையம் நீளாமல் இருக்கச் செய்த அருமையான வேலை அது. 2004 இல் வந்த பிரெஸ்காட் வடிவம் 31 கட்டங்களுக்குப் போனது. அதற்காகக் கிளை முன்கணிப்பையும் மேம்படுத்தினார்கள். அப்படியிருந்தும் விற்பனைக்கு வந்த மிக வேகமான பெண்டியம் 4 3.8 கிகாஹெர்ட்ஸில் நின்றுவிட்டது; அதைத் தடுத்தது மின்சக்தியும் வெப்பமும். 2006 இல் அதே நிறுவனத்தின் கோர் 2 செயலிகள் 14 கட்டங்களுக்கு இறங்கி வந்தன.

மின்சக்தியை நம் எடுத்துக்காட்டிலும் ஒரு வரியில் பார்த்துவிடலாம். 20 இலிருந்து 40 க்குப் போகும்போது லேட்சுகளின் எண்ணிக்கை குறைந்தது இரு மடங்காகும். தர்க்கச் சுற்றின் நடுவே வெட்டும்போது கடந்து செல்லும் கம்பிகள் அதிகம் என்பதால், நடைமுறையில் அது இரு மடங்கையும் தாண்டும். கடிகாரம் 1.56 மடங்கு வேகமாக அடிக்கிறது. ஆக, லேட்சுகளும் அவற்றுக்குக் கடிகாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பிகளும் எடுக்கும் சக்தி, அதே மின்னழுத்தத்தில், 3 மடங்குக்கு மேல் போகும். கூட்டல் வளையம் பிளவுபட்ட கணக்கில் வெளியீட்டு வீதமோ ஏறத்தாழ மாறவேயில்லை.

கட்டங்களைச் சமமாக வெட்ட முடியும் என்ற இன்னொரு ஊகத்தையும் இங்கே திறந்து பார்க்க வேண்டும். தர்க்கச் சுற்று நினைத்த இடத்தில் அறுக்கக்கூடிய கயிறு அல்ல. தற்காலிக நினைவகத்தின் ஒரு வாசிப்பை நட்டநடுவில் நிறுத்தி லேட்ச் வைக்க எளிதில் இயலாது. எனவே சில கட்டங்கள் சராசரியைவிட நீளமாக வரும். எல்லாவற்றிலும் நீளமான கட்டமே கடிகாரத்தைத் தீர்மானிக்கும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு 20 பிக்கோவினாடி என்று வைத்தால், அது லேட்ச் நேரத்தைப் போலவே ஒவ்வொரு சுழற்சியிலும் சேர்ந்துகொண்டு o ஐ 80 ஆக்கிவிடும். அப்போது 20 கட்டத்தில் 230 × 1.60 = 368; 40 கட்டத்தில் 155 × 2.50 = 387.5. ஆழமான வடிவம் இப்போது 5 சதவீதம் பின்தங்குகிறது. இந்த 20 பிக்கோவினாடி இரு ஆழத்திலும் ஒன்றே என்று எடுத்ததுகூடச் சலுகைதான். கட்டம் குட்டையாகும்போது வெட்டுவதற்கு வசதியான இடங்கள் அருகிப்போகும். நீளமான கட்டத்தில் ஒரு கேட் மெதுவாகவும் இன்னொன்று வேகமாகவும் அமைந்து ஒன்றையொன்று ஈடுகட்டும்; குட்டையான கட்டத்தில் அந்தச் சராசரி கிடைக்காது. ஒரு கட்டத்தின் மிச்ச நேரத்தை அடுத்த கட்டத்துக்குக் கடன் கொடுக்க அனுமதிக்கும் லேட்சுகளைப் பயன்படுத்தி இந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்கலாம். முழுவதையும் மீட்க முடியாது.

எண்கள் எந்தத் திசையில் நகர்ந்தால் முடிவு மாறும் என்பதையும் பார்க்க வேண்டும். முன்கணிப்பான் மேம்பட்டு, தவறு 10 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தால் k 0.024 ஆகும். ஏற்றத்தாழ்வைச் சேர்க்காத கணக்கில், 20 கட்டத்தில் 1.48 × 210 = 310.8, 40 கட்டத்தில் 2.26 × 135 = 305.1. ஆழமான பக்கம் இப்போது 2 சதவீதம் முந்துகிறது. நல்ல முன்கணிப்பு, ஆழமான பைப்லைனைத் தாங்கிக்கொள்ள வைக்கிறது. மாறாக, ஒரே சுழற்சியில் இரண்டு கட்டளைகளை வெளியிடும் செயலியில் தேக்கமற்ற நேரத்தின் சராசரி 1 க்குப் பதில் 0.5 ஆகும். ஒவ்வொரு குமிழியிலும் இரண்டு கட்டளைகளின் இடம் வீணாவதால், சூத்திரம் தரும் ஆழம் 41 இலிருந்து 29 ஆகச் சுருங்கும். அகலமும் ஆழமும் ஒன்றின் இடத்தை மற்றொன்று பறிப்பவை.

இந்தக் கணக்கைப் போடுபவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு பிழை, முதன்மை நினைவகத்துக்குப் போய்வரும் தாமதத்தைச் சுழற்சிகளில் எழுதி விடுவது. ஆயிரம் கட்டளைகளுக்கு 2 முறை அங்கே போக நேர்கிறது, ஒவ்வொரு முறையும் 80 நானோவினாடி என்றால், ஒரு கட்டளைக்குச் சராசரி 160 பிக்கோவினாடி. இது நினைவகச் சில்லின் வேகத்தைப் பொறுத்த நேரம். பைப்லைனை எப்படி வெட்டினாலும் அது மாறாது. எனவே எல்லா வரிசையிலும் 160 ஐக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். உச்சம் இருக்கும் இடம் அசையாது. அசைவது ஆதாயத்தின் அளவு: 10 இலிருந்து 20 கட்டத்துக்குப் போனால் கிடைத்த 39 சதவீத முன்னேற்றம், 628 க்கு எதிரே 496 என்றாகி, 27 சதவீதமாகச் சுருங்குகிறது. இதையே 200 சுழற்சி என்ற மாறாத எண்ணாக எழுதிவிட்டால், தேக்கமற்ற பகுதி 1 லிருந்து 1.4 ஆக வீங்கி, சூத்திரம் 18 சதவீதம் அதிக ஆழத்தைப் பரிந்துரைக்கும். கடிகாரம் வேகமானால் நினைவகமும் வேகமாகிவிடும் என்று அந்தக் கணக்கு ரகசியமாக நம்புவதே காரணம். ஒரு தேக்கத்தைக் கணக்கில் சேர்க்கும் முன், அதன் காரணம் பைப்லைனுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கேட்டுவிட்டால் இந்தப் பிழை நேராது.

k ஐ எப்படி அறிவது? கிளைகளையும் ஏற்றுக் கட்டளைகளையும் தனித்தனியே எண்ணிப் பெருக்குவது தொடக்கத்துக்குப் போதும். ஆனால் அது தேக்கங்கள் ஒன்றன் நிழலில் மற்றொன்று மறைவதைக் காட்டாது. அதைவிட உறுதியான வழி, ஒரே கட்டளைத் தொடரைப் பல ஆழங்களில் உருவகப்படுத்தி, கட்டளைக்கு ஆகும் சுழற்சியை ஆழத்துக்கு எதிரே வரைந்து பார்ப்பது. முதன்மை நினைவகத்துக்குப் போய்வரும் தாமதங்களை அந்த ஓட்டத்தில் அணைத்துவிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 10, 15, 20 கட்டங்களில் 1.30, 1.45, 1.60 என்று ஒரே கோட்டில் புள்ளிகள் விழும்; சரிவு 0.03, அதுவே k. அந்தக் கோட்டின்படி 25 இல் 1.75 வர வேண்டும், வருவதோ 2.05. அந்த 0.30 இடைவெளியைப் பார்த்ததும், 20 க்கும் 25 க்கும் நடுவே ஏதோ ஒரு வளையம் உடைந்திருக்கிறது என்று அறியலாம். எந்தக் கட்டளைகளுக்குப் பின் புதிய குமிழிகள் தோன்றின என்று தேடினால், அது எந்த வளையம் என்பதும் பிடிபடும்.

ஆக, இந்தச் செயலிக்கு 20 கட்டம் என்று முடிவெடுத்து வடிவமைப்பு நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பிகளை உண்மையாக இழுத்தபின் கூட்டல் வளையம் 150 அல்ல, 155 பிக்கோவினாடி என்று தெரியவருகிறது. இது நடக்கக்கூடியதே, குறுக்குவழிக் கம்பிகளின் நீளம் கடைசியில்தான் தெரியும். இப்போது மூன்று வழிகள் உள்ளன. வளையத்தை இரண்டாகப் பிளந்து கடிகாரத்தைக் காப்பாற்றலாம்: 1.90 × 210 = 399. கட்டங்களை அப்படியே விட்டுக் கடிகாரத்தை 215 பிக்கோவினாடிக்குத் தளர்த்தலாம்: 1.60 × 215 = 344. அல்லது ஒரு கட்டத்தைக் குறைத்து 19 ஆக்கலாம். அப்போது கட்டத்துக்கு 157.9 பிக்கோவினாடி தர்க்கம் கிடைக்கும், வளையம் பொருந்திவிடும்: 1.57 × 217.9 = 342.1. கடிகார வேகத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர் முதல் வழியைத் தேர்ந்தால் 336 க்கு எதிரே ஏறத்தாழ 19 சதவீத நேரத்தைக் கூடுதலாகச் செலுத்துவார். மற்ற இரண்டுக்கும் வேறுபாடு அரை சதவீதத்தைச் சற்றுத்தான் தாண்டுகிறது. வேலை பாதி கடந்துவிட்ட நிலையில் கட்ட எல்லைகளை எல்லாம் மாற்றி வரைய அது போதிய காரணம் அல்ல என்பதால், நான் கடிகாரத்தை 215 க்குத் தளர்த்துவேன்.